முதல் வேலைக்குச் சேர்கிறீர்களா? சேவிங்ஸ், கரண்ட், சாலரி அக்கவுண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுத்த வாரம் வேலைக்குச் சேர்கிறேன். கம்பெனியில் வங்கிக் கணக்கு விவரம் கேட்கிறார்கள். சேவிங்ஸ், கரண்ட், சாலரி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு எது?

கம்பெனி ஏதாவது ஒரு வங்கியோடு சம்பள ஒப்பந்தம் வைத்திருந்தால், அந்த வங்கியில் சாலரி அக்கவுண்ட் தொடங்குங்கள். படிக்கிற காலத்தில் தொடங்கிய சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை மூடாதீர்கள், அதுவும் வேண்டியிருக்கும். ஒப்பந்தம் எதுவும் இல்லை, எந்த வங்கியானாலும் சரி என்று கம்பெனி சொன்னால், குறைந்தபட்ச இருப்பு கேட்காத ஒரு சேமிப்புக் கணக்கே போதும். கரண்ட் அக்கவுண்ட் உங்களுக்கு வேண்டாம்.

மூன்றுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

மூன்று என்று சொன்னாலும் அடிப்படையில் இரண்டு வகைதான். ஒன்று சேமிப்புக் கணக்கு, மற்றது நடப்புக் கணக்கு என்கிற கரண்ட் அக்கவுண்ட். சாலரி அக்கவுண்ட் என்பது சேமிப்புக் கணக்கே. 'இந்தக் கணக்கில் மாதாமாதம் சம்பளம் வரும், அது வரும்வரை குறைந்தபட்ச இருப்பு கேட்க மாட்டோம்' என்று வங்கி கொடுக்கிற சலுகைதான் அதில் கூடுதல். வட்டி, பாஸ்புக், யூபிஐ, நெட் பேங்கிங் எல்லாம் சேமிப்புக் கணக்கில் உள்ளது போலவேதான்.

கரண்ட் அக்கவுண்ட் வியாபாரத்துக்கானது. ஒரு நாளைக்கு ஐம்பது வரவு, ஐம்பது செலவு என்றாலும் வங்கி கேள்வி கேட்காது. ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேலும் எடுத்துக்கொள்ளும் வசதி, இதில் கிடைக்கும். ஆனால் ஒரு பைசா வட்டி கிடையாது. கரண்ட் அக்கவுண்டில் வட்டி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குறைந்தபட்ச இருப்பும் சேமிப்புக் கணக்கைவிட அதிகமாக இருக்கும்.

குறைந்தபட்ச இருப்பு என்றால் பத்தாயிரம் ரூபாய் எப்போதும் கணக்கிலேயே கிடக்க வேண்டுமா? மாதம் 24,000 ரூபாய் சம்பளம் வருகிறதே, அது போதாதா?

பெரும்பாலான வங்கிகள் பார்ப்பது மாதச் சராசரியை. ஒவ்வொரு நாளும் இரவு கணக்கில் என்ன மிச்சம் இருக்கிறதோ, அதையெல்லாம் கூட்டி, அந்த மாதத்தின் நாள்களால் வகுப்பார்கள். அந்தச் சராசரி வங்கி சொன்ன தொகையைத் தொட வேண்டும். நடுவில் ஒரு நாள் நூறு ரூபாய்க்கு இறங்கினாலும் பரவாயில்லை, வேறு நாள்களில் அதை ஈடுகட்டினால் போதும்.

கேட்க எளிதாக இருக்கிறது. உங்கள் 24,000 ரூபாயை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 நாள் மாதம். 1ஆம் தேதி சம்பளம் வருகிறது. 4ஆம் தேதிவரை 24,000 அப்படியே இருக்கிறது. 5ஆம் தேதி பி.ஜி. வாடகையும் வீட்டுக்கு அனுப்புவதுமாக 14,000 போய்விடுகிறது. 15ஆம் தேதிவரை மிச்சம் 10,000. 16ஆம் தேதி சீட்டுப் பணம், பஸ் பாஸ், மளிகை என்று 7,000 போய், மாதக் கடைசிவரை 3,000 நிற்கிறது.

முதல் 4 நாளுக்கு 96,000. அடுத்த 11 நாளுக்கு 1,10,000. கடைசி 15 நாளுக்கு 45,000. மொத்தம் 2,51,000. இதை 30ஆல் வகுத்தால் 8,367 ரூபாய் வருகிறது. வங்கி கேட்பது 10,000 என்றால் 1,633 ரூபாய் குறைகிறது. சம்பளம் 24,000 வந்தும், மாதக் கடைசியில் கையில் 3,000 மிச்சம் வைத்தும், அபராதப் பட்டியலில் பெயர் வந்துவிடுகிறது.

முதல் வேலைக்காரருக்கு சாலரி அக்கவுண்டின் பெரிய லாபம் இதுதான். தள்ளுபடிக் கூப்பன், கார்டு நிறம் எல்லாம் அப்புறம். இந்தச் சராசரிக் கணக்கே உங்களுக்குக் கிடையாது என்பதுதான் முக்கியம்.

பொதுத்துறை வங்கிகளில் மினிமம் பேலன்ஸ் கிடையாது என்கிறார்களே?

பலவற்றில் இப்போது உண்மைதான். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இதை எடுத்துவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனிலும், இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் எடுத்தன. தனியார் வங்கிகள் பெரும்பாலும் இன்னும் கேட்கின்றன. கிளை சென்னையில் இருந்தால் ஒரு தொகை, கிராமத்தில் இருந்தால் அதைவிடக் குறைந்த தொகை என்று இடத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே ஏற்கெனவே உங்களுக்கு இப்படிப்பட்ட பொதுத்துறை வங்கிக் கணக்கு இருந்து, கம்பெனியும் அதிலேயே சம்பளம் போடத் தயார் என்றால், புதிதாக எதுவும் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை.

சேவிங்ஸில் வட்டி வரும், கரண்டில் வராது. அப்படியானால் வட்டியைப் பார்த்துதானே வங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இந்த அளவு சம்பளத்தில் வட்டி ஒரு பொருட்டே இல்லை. வட்டியும் ஒவ்வொரு நாளின் இருப்பை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, 2010 ஏப்ரலிலிருந்து அதுதான் முறை. 2025 ஜூனுக்குப் பிறகு பல பெரிய வங்கிகள் கொடுப்பது ஆண்டுக்கு 2.5 சதவீதம். மேலே போட்ட அதே மாதத்துக்கு வட்டி கணக்கிட்டால் ஏறக்குறைய 17 ரூபாய் வரும். இன்னொரு வங்கி அரை சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் 3 ரூபாய் 40 காசு கூடும். ஒரே ஒரு அபராதம் பல மாத வட்டியை விழுங்கிவிடும். அதனால் எவ்வளவு வட்டி கொடுக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எதற்கெல்லாம் பணம் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

கம்பெனிக்கு ஒப்பந்தம் இல்லாத வங்கியின் ஆள் வந்து, 'சாலரி அக்கவுண்டே போட்டுத் தருகிறேன், உங்கள் சம்பளத்தை இதில் வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறார். செய்யலாமா?

அவசரப்படாதீர்கள். ஒரு கணக்கு சாலரி அக்கவுண்டாக இருப்பது, நீங்கள் கையெழுத்துப் போடும் விண்ணப்பத்தில் அப்படி எழுதியிருப்பதால் மட்டும் அல்ல. ஒப்பந்தம் உள்ள கம்பெனிக்கு வங்கி ஒரு எண் கொடுத்திருக்கும். உங்கள் கணக்கு அந்த எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். மாதக் கடைசியில் கம்பெனி எல்லோர் சம்பளத்தையும் ஒரே கோப்பாக ஏற்றும்போது, உங்கள் கணக்கில் வரும் தொகை சம்பளம் என்று பதிவாகும்.

ஒப்பந்தம் இல்லாத வங்கிக்குக் கம்பெனி சாதாரண நெஃப்ட் மூலம் அனுப்பினால், அது யாரோ பணம் போட்டது போலத்தான் சில வங்கிகளின் கணினிக்குத் தெரியும். மூன்று மாதம் பார்த்துவிட்டு, 'இதில் சம்பளமே வரவில்லை' என்று கணக்கைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். நீங்களோ மாதாமாதம் சம்பளம் வருகிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள்.

சில வங்கிகள் கம்பெனி ஒப்பந்தம் இல்லாமலும், சம்பளச் சீட்டைக் காட்டினால் இந்த வகைக் கணக்கு தருகின்றன. அது உண்மையான சலுகைதான். ஆனால் நெஃப்டில் வரும் தொகையைச் சம்பளமாக எடுத்துக்கொள்வார்களா, குறைந்தபட்சம் எவ்வளவு வர வேண்டும் என்ற இரண்டையும் கிளையில் கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தைக்கு அந்த ஆள் வேறு ஊருக்கு மாறிப் போகும்வரைதான் மதிப்பு.

எச்.ஆரில் 'இந்த வங்கியில்தான் கணக்கு தொடங்க வேண்டும்' என்கிறார்கள். மறுக்க முடியுமா?

சம்பளத்தை ஊழியரின் வங்கிக் கணக்கில் செலுத்தலாம் என்றுதான் ஊதியச் சட்டம் பேசுகிறது. இன்ன வங்கி என்று அது குறிப்பிடவில்லை. ஆனால் நடைமுறையில், ஒரே வங்கிக்குள் நூறு பேருக்குப் பணம் போடுவது கம்பெனிக்கு எளிது, உங்களுக்கும் அன்றே வந்துவிடும். சேர்ந்த முதல் வாரத்தில் இதற்காகச் சண்டை போடுவதில் பயன் இல்லை என்பது என் கருத்து. அவர்கள் சொல்லும் வங்கியில் தொடங்கிவிட்டு, சம்பளம் வந்ததும் உங்களுக்குப் பிடித்த பழைய கணக்குக்குத் தேவையானதை மாற்றிக்கொள்ளலாம்.

எனக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்துக்காகத் தொடங்கிய கணக்கு இருக்கிறது. அம்மாவுக்கு ஜன்தன் கணக்கு. இந்த மாதிரிக் கணக்கிலும் சம்பளம் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அது எந்த வகைக் கணக்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் திட்டத்தின் பெயர் இருக்கும். புரியவில்லை என்றால் கிளையில், 'இதில் வரம்பு ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஜன்தன் உள்ளிட்ட அடிப்படை சேமிப்புக் கணக்குகளில் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. முழு ஆவணங்கள் கொடுத்துத் தொடங்கியிருந்தால் சம்பளம் வருவதில் சிக்கல் இல்லை. கட்டணமில்லாமல் மாதத்தில் எத்தனை முறை பணம் எடுக்கலாம் என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அதே வங்கியில் இதையும் வைத்துக்கொண்டு வேறு சேமிப்புக் கணக்கும் வைத்திருக்க முடியாது. கம்பெனி அதே வங்கியில் சாலரி அக்கவுண்ட் தொடங்கச் சொன்னால், இருப்பதையே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

உரிய அடையாள ஆவணம் இல்லாமல், ஒரு புகைப்படமும் கையெழுத்தும் மட்டும் கொடுத்துத் தொடங்கப்பட்ட 'சிறு கணக்கு' என்று ஒன்று உண்டு. அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஓராண்டில் வரும் மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாதத்தில் எடுப்பது 10,000 ரூபாய்க்குள். மாதம் 24,000 வாங்குகிறவருக்கு ஐந்தாவது மாதமே வரவு வரம்பைத் தாண்டி, சம்பளம் திரும்பிப் போய்விடலாம். ஆதாரும் பானும் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிவிட்டால் இந்த வரம்பு போய்விடும்.

பதினெட்டு வயதுக்கு முன்பு அப்பாவின் பெயரைக் காப்பாளராகப் போட்டுத் தொடங்கிய கணக்கு என்றால் அதுவும் கவனிக்க வேண்டியது. பதினெட்டு முடிந்ததும் வங்கி உங்களிடம் புதிதாக மாதிரிக் கையெழுத்தும் ஆவணமும் வாங்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டிருந்தால், சம்பளம் உள்ளே வந்தும் வெளியே எடுக்க முடியாமல் நிற்கும்.

கைபேசியிலேயே பத்து நிமிடத்தில் கணக்கு தொடங்கிவிட்டேன். கிளைக்கே போகவில்லை. இதில் சம்பளம் வரட்டுமா?

எப்படித் தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. வங்கி ஊழியர் வீடியோவில் வந்து, பான் கார்டைக் காட்டச் சொல்லி, உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால் அது முழுக் கணக்கு. கவலை இல்லை.

ஆதார் எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வந்த ஓடிபியை மட்டும் தட்டித் தொடங்கியிருந்தால், அது ஓராண்டுக்கான தற்காலிக ஏற்பாடு. ரிசர்வ் வங்கி விதிப்படி, அதில் ஒரு நிதியாண்டில் மொத்தமாக 2 லட்சம் ரூபாய்தான் வரவு வைக்கலாம். இருப்பு ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஓராண்டுக்குள் நேரிலோ வீடியோவிலோ சரிபார்ப்பை முடிக்காவிட்டால் கணக்கை மூட வேண்டும்.

ஜூனில் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு மாதம் 24,000 ரூபாய் என்று வையுங்கள். ஜூன் முதல் ஜனவரி வரை எட்டுச் சம்பளம், 1,92,000 ரூபாய். எல்லாம் ஒழுங்காக வரும். பிப்ரவரிச் சம்பளம் வந்தால் 2,16,000. அங்கே நின்றுவிடும். கம்பெனிக்குப் போன் செய்தால் 'நாங்கள் அனுப்பிவிட்டோம், திரும்பி வந்துவிட்டது' என்பார்கள். எட்டு மாதம் சரியாக நடந்த கணக்கு என்பதால் காரணம் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. செயலியைத் திறந்ததும் 'கே.ஒய்.சி. முடிக்கவும்' என்று ஒரு பட்டை தெரிந்தால் அதைத் தள்ளிவிடாமல் முடித்துவிடுங்கள்.

ஆதாரில் திருநெல்வேலி முகவரி இருக்கிறது. வேலை சென்னையில், தங்குவது பி.ஜி.யில். கணக்கு தருவார்களா?

தருவார்கள். ஆதார் சரிபார்ப்பு மூலம் அடையாளம் காட்டும்போது, இப்போது வசிக்கும் முகவரி வேறு என்றால், அதை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். கார்டும் செக் புத்தகமும் எந்த முகவரிக்கு வரும் என்று மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். பி.ஜி.யில் பகலில் தபால் வாங்க ஆள் இருக்க மாட்டார்கள், பல கார்டுகள் வங்கிக்கே திரும்பிப் போகின்றன. கிளையிலேயே நேரில் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்க்கலாம்.

வேலை தவிர, வார இறுதியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். அதற்குக் கரண்ட் அக்கவுண்ட் தேவையா?

உங்கள் சொந்தப் பெயரில், மாதம் ஒன்றிரண்டு பேர் கொடுக்கும் கூலி என்றால் சேமிப்புக் கணக்கே போதும். வருமான வரிக்கு அதைக் காட்ட வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் ஸ்டூடியோவுக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரில் பில் போட்டு, அந்தப் பெயருக்கே பணம் வர வேண்டும் என்றால் கரண்ட் அக்கவுண்ட்தான். வியாபார நிறுவனத்தின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்க வங்கிகளுக்கு அனுமதி இல்லை.

சம்பளக் கணக்கை இதில் கலக்காமல் இருப்பது நல்லது. எடிட்டிங் பணத்துக்கு உங்கள் பழைய சேமிப்புக் கணக்கின் யூபிஐ எண்ணைக் கொடுங்கள். ஆண்டு முடிவில் எது சம்பளம், எது வேறு வருமானம் என்று பிரிக்க உட்கார வேண்டியதில்லை.

சாலரி அக்கவுண்டோடு விபத்துக் காப்பீடு, கிரெடிட் கார்டு, லோன் எல்லாம் தருகிறார்களே. வாங்கலாமா?

காப்பீடு நல்லதுதான், காசு கேட்காதவரை. அதற்கு நிபந்தனை உண்டு. சம்பளம் தொடர்ந்து வந்திருக்க வேண்டும், சில வங்கிகளில் குறிப்பிட்ட நாள்களுக்குள் டெபிட் கார்டை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். வாரிசு நியமனம் செய்யாமல் இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் அலைய வேண்டி வரும், முதல் நாளே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

கிரெடிட் கார்டு, தனியாகப் பிரீமியம் கட்டும் காப்பீடு, பங்குச் சந்தைக் கணக்கு ஆகியவற்றுக்கான கட்டங்கள் அதே விண்ணப்பத்திலேயே இருக்கும். சேர்கிற நாள் பரபரப்பில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுவோம். சம்பளக் கணக்குக்கு அவை எதுவும் தேவையில்லை. வேண்டாதவற்றில் கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வேலையை விட்டுவிட்டால் சாலரி அக்கவுண்ட் என்ன ஆகும்?

அதிகம் பேர் அடிபடும் இடம் இது. சம்பளம் நின்று ஏறக்குறைய மூன்று மாதம் ஆனதும், பெரும்பாலான வங்கிகள் கணக்கைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றுகின்றன. கணக்கு எண் அதேதான், கார்டும் அதேதான். குறைந்தபட்ச இருப்பு மட்டும் புதிதாக வந்து உட்காரும். எஸ்எம்எஸ் வரும், ஆனால் நீங்கள் எண்ணை மாற்றியிருந்தால் உங்களுக்குத் தெரியாது.

ஒரு பெண் மே மாதக் கடைசிச் சம்பளத்தோடு வேலையை விடுகிறார். புதிய கம்பெனி வேறு வங்கியில் கணக்கு தொடங்கித் தருகிறது. பழைய கணக்கில் 6,200 ரூபாய் இருக்கிறது, அவசரத்துக்கு ஆகும் என்று விட்டுவிடுகிறார். ஜூன், ஜூலை, ஆகஸ்டு சம்பளம் இல்லாமல் போகிறது. செப்டம்பரில் கணக்கு மாறுகிறது, சராசரி 10,000 இருக்க வேண்டும். குறைவது 3,800. குறைந்த தொகையில் 6 சதவீதம் பிடிக்கும் வங்கி என்றால் 228 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 41 ரூபாய் 4 காசு. மொத்தம் 269 ரூபாய் 4 காசு. இருப்பு ஏறக்குறைய 5,931 ஆகிறது. அடுத்த முறை குறைவு இன்னும் கூடும், பிடித்தம் 288 ரூபாயாகும். இப்படியே ஒவ்வொரு மாதமும் ஏறும்.

இதற்கு ரிசர்வ் வங்கி 2015 ஏப்ரலிலிருந்து சில வேலிகள் போட்டிருக்கிறது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் தெரிவிக்க வேண்டும், நிரப்புவதற்கு ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்பத்தான் பிடிக்கலாம். இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது. கணக்கில் மைனஸ் காட்டினால் இந்த விதியைச் சொல்லிக் கிளையில் எழுதிக் கேளுங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை.

அப்படியானால் வேலையை விட்ட அன்றே கணக்கை மூடிவிடலாமா?

உடனே மூடாதீர்கள். கடைசிச் சம்பளமும் பாக்கித் தொகைகளும் அதில்தான் வரும், சில கம்பெனிகளில் அதற்கு ஒன்றரை மாதம்கூட ஆகும். அது வந்து சேர்ந்த பிறகு, அந்தக் கணக்கில் எதெல்லாம் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கைபேசித் தவணை, யூபிஐ ஆட்டோபே, சீட்டு, எல்ஐசி எதுவாக இருந்தாலும் முதலில் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். பணம் இல்லாமல் ஒரு தவணை திரும்பினால் வங்கியும் கடன் கொடுத்தவரும் தனித்தனியாகப் பிடிப்பார்கள்.

பி.எஃப். கணக்கை மறந்துவிடுவதுதான் வழக்கம். உங்கள் யூ.ஏ.என். எண்ணோடு பழைய வங்கிக் கணக்கே இணைந்திருக்கும். அதை மூடிவிட்டு, பி.எஃப். பணம் கேட்டு விண்ணப்பித்தால் பணம் வங்கியிலிருந்து திரும்பிவிடும். முதலில் பி.எஃப். இணையதளத்தில் புதிய கணக்கு எண்ணைச் சேர்த்து, அது ஏற்கப்பட்டதைப் பார்த்துவிட்டுப் பழையதை மூடுங்கள். வருமான வரித் திருப்பித் தொகை எதிர்பார்த்தால் அந்த இணையதளத்திலும் இதே வேலை இருக்கிறது. காஸ் மானியமோ அரசு உதவித் தொகையோ வந்தால், ஆதார் எந்த வங்கியோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடுவதென்றால் கிளைக்கு நேரில் போய், கார்டையும் மிச்சமுள்ள செக் தாள்களையும் கொடுத்து, மூடியதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். தொடங்கி ஓராண்டு ஆகாத கணக்கை மூடப் பல வங்கிகள் கட்டணம் பிடிக்கின்றன, ஓராண்டு தாண்டினால் பெரும்பாலும் இல்லை. இருப்பை முழுவதும் எடுத்துவிட்டுச் சும்மா விட்டால் மூடியதாக ஆகாது. இரண்டு ஆண்டு எந்தப் பரிவர்த்தனையும் இல்லையென்றால் அது செயல்படாத கணக்கு என்ற வகைக்குப் போகும், அதை மீண்டும் உயிர்ப்பிக்க ஆவணங்களோடு போக வேண்டும்.

மூட மனமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. கணக்கு மாறுவதற்கு முன்பே, அந்த மூன்று மாதத்துக்குள், புதிய கம்பெனிக்கும் அதே வங்கியோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று எச்.ஆரில் கேளுங்கள். இருந்தால் புதிய கணக்கு தேவையில்லை. பழைய எண்ணையே கொடுத்து, புதிய கம்பெனியின் எண்ணோடு இணைக்கச் சொல்லிக் கிளையில் ஒரு கடிதமும் சேர்க்கை ஆணையின் நகலும் கொடுத்தால் போதும்.